கார் ஹார்ன் கத்தவில்லை, ஆனால் மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது: ரிலேயா, ஃபியூஸா, வயரா?

கேள்வி: "அண்ணே, பள்ளத்தூர்ல எங்க அப்பச்சி வீட்டு ஷெட்ல ஒரு சின்ன கார் ஏழெட்டு மாசமா நிக்குது. வீட்டுல கல்யாணம் வருதுன்னு புது பேட்டரி போட்டு எடுத்தேன், வண்டி நல்லா ஓடுது. ஹார்ன் மட்டும் சத்தமே இல்ல. ஃபியூஸக் கழட்டிப் பார்த்தேன், கம்பி அறுந்த மாதிரி தெரியல. பட்டன அமுக்கிக்கிட்டு ஹார்ன் பிளக்ல மீட்டர் வச்சா 12 வோல்ட் காட்டுது. ஹார்ன்தான் போச்சுன்னு புதுசு வாங்கிப் போட்டேன், அதுவும் கத்தல. ரிலே போயிருக்குமா?"

பதில்:

தம்பி, ரிலேயை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து, என்ஜினை ஓடவிடாமல், பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பாக்ஸ் மூடியைக் கழற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹார்ன் பட்டனை விட்டு விட்டு அமுக்கட்டும். நீங்கள் ஹார்ன் ரிலேயின் தலைமேல் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரிலே என்பதற்கு மூடியின் உள்பக்கம் ஹார்ன் படம் போட்டிருக்கும். டக் டக்கென்று விரலில் தட்டுகிறதா, இல்லையா? இந்த ஒரு விடையிலேயே பாதி சர்க்யூட் விசாரணையிலிருந்து விலகிவிடும்.

நம் பக்கம் வயல் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். பச்சை பட்டனில் ஓடுவது கொஞ்சம் கரண்ட். அது உள்ளே இருக்கும் காயிலை இழுக்கும், காயில் இழுத்ததும் பெரிய கான்டாக்ட் ஒட்டி மோட்டாருக்குப் பெரிய கரண்ட் போகும். ஹார்ன் ரிலேயும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஸ்டீயரிங் பட்டன் வழியாக ஓடுவது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. ஹார்ன் இழுப்பதோ ஒன்றுக்கு 3 முதல் 5 ஆம்பியர் வரை. அதனால் ரிலேக்கு இரண்டு பக்கம். ஒன்று பட்டன் பக்கம், இன்னொன்று ஹார்ன் பக்கம். டக் என்று தட்டினால் பட்டன், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிள், காயில் எல்லாம் சரி. கோளாறு கான்டாக்ட், வயர், ஹார்ன், எர்த் இவற்றில் ஒன்றில் இருக்கும். தட்டவே இல்லை என்றால் ஹார்ன் பக்கம் போகவே வேண்டாம். ஃபியூஸ், காயில், பட்டன் இவைதான் சந்தேகம்.

பட்டனை அமுக்கும்போது ஹார்ன் பிளக்கில் 12 வோல்ட் வருகிறது என்கிறீர்கள். அமுக்காதபோது வராமல், அமுக்கினால் மட்டும் வருகிறது என்றால் உங்கள் ரிலே தட்டிக்கொண்டுதான் இருக்கும். விரல் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அமுக்காமலே 12 வோல்ட் இருந்தால் கதை வேறு. ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அந்த வண்டியில் பட்டன் எர்த்தைத் தருகிற ஏற்பாடாக இருக்கலாம். பழைய அம்பாசடரில் அப்படித்தான்: ஃபியூஸ் வழியாக ஹார்னுக்கு எப்போதும் கரண்ட் நிற்கும், பட்டன் அமுக்கினால் எர்த் கிடைத்துக் கத்தும், நடுவில் ரிலேயே கிடையாது. இன்றும் கானாடுகாத்தான் பக்கம் சில வீட்டு ஷெட்டுகளில் அந்த வண்டிகள் நிற்பதால் சொல்லி வைக்கிறேன். உங்களுடையது அந்த வகை இல்லை.

இனி ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பிளேடு ஃபியூஸில் கம்பி காலோடு சேரும் இடத்தில் மயிரிழை அளவு விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஃபியூஸைக் கழற்றவும் வேண்டாம். அதன் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகடிவில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு புள்ளியையும் தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் வந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால் போய்விட்டது. இரண்டிலும் வரவில்லை என்றால் ஃபியூஸைக் குறை சொல்லாதீர்கள், அதற்கு வர வேண்டிய சப்ளையே வரவில்லை; சாவி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஹார்ன் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர், அதாவது சிவப்பு அல்லது நீலம். சில வண்டிகளில் அதே ஃபியூஸில் ஹசார்ட் லைட்டோ வேறு ஒன்றோ சேர்ந்து ஓடும். அதுவும் சேர்ந்து செத்திருந்தால் ஃபியூஸை முதலில் சந்தேகப்படலாம். உங்களுக்கு ஹார்ன் பிளக் வரை வோல்ட் வந்துவிட்டதால் ஃபியூஸ் அறுந்திருக்க வழியில்லை. ஆனால் ஃபியூஸ் உட்காரும் சாக்கெட் துருப்பிடித்திருக்க வழி உண்டு. அதை மீட்டர் சொல்லாது.

உங்களை ஏமாற்றியது இந்த மீட்டர்தான். டிஜிட்டல் மீட்டர் அளக்கும்போது கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். வயரில் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டியிருந்தாலும், கான்டாக்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும், அது முழு 12 வோல்ட்டைக் காட்டிவிடும். ஹார்ன் 4 ஆம்பியர் கேட்கும் அந்த நொடியில்தான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் வெளியே வரும். அதனால் லோடு வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு 21 வாட் பல்பு போதும், இண்டிகேட்டரில் போடுகிற பல்பு. ஹோல்டரில் இரண்டு வயர் இழுத்து, முனையில் முதலைக் கிளிப்பும் ஊசியும் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் எந்த ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையிலும் இந்தச் சாமான் கிடைக்கும். அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். ஹார்ன் அளவுக்கு இல்லை, ஆனாலும் பொய்யைக் கண்டுபிடிக்கப் போதும். எல்ஈடி டெஸ்டர் வாங்கிவிடாதீர்கள், அதுவும் மீட்டர் மாதிரியே கரண்ட் இழுக்காமல் எரியும்.

பல்பு எப்படி எரிகிறது என்று பார்த்துப் பழக, முதலில் நேரே பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள். அந்த வெளிச்சம்தான் அளவுகோல். இனி மூன்று இடம். முதலில் ஹார்ன் பிளக்கைக் கழற்றி, பிளக்கின் பிளஸ் முனையில் பல்பின் ஒரு முனையையும், பேட்டரி நெகடிவில் மறு முனையையும் கொடுத்து, பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். அதே வெளிச்சம் வந்தால் ரிலே, ஃபியூஸ், வயர் எல்லாம் தேறிவிட்டன. கோளாறு எர்த்தில் அல்லது ஹார்னில். சிவந்து மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ, 12 வோல்ட் காட்டியது வெறும் பேர்.

மங்கினால் அடுத்து, ஹார்ன் ரிலேயைக் கழற்றுங்கள். அடியில் நான்கு கால் இருக்கும். கவரில் பொடி எழுத்தில் 30, 87, 85, 86 என்றோ, சில வண்டிகளில் 1, 2, 3, 5 என்றோ இருக்கும். எது எது என்பதற்கு கவர் மேலேயே படம் அச்சிட்டிருக்கும். பெட்டி போன்ற குறியீடு காயில், வெட்டிய கோடு கான்டாக்ட். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக கரண்ட் வரும் கால் 30, ஹார்னுக்குப் போகும் கால் 87, காயிலின் இரண்டு முனை 85, 86. இப்போது சாக்கெட்டில் 30-ஆம் ஓட்டைக்கும் பேட்டரி நெகடிவுக்கும் பல்பைக் கொடுங்கள். முழு வெளிச்சமா? ஃபியூஸ் வரை எல்லாம் திடமாக இருக்கிறது. மங்கலா? ஃபியூஸ் சாக்கெட்டோ, அதற்கு வரும் வயரோ கெட்டிருக்கிறது. ஃபியூஸைக் கழற்றி காலைப் பாருங்கள், பழுப்பு நிறமோ பிளாஸ்டிக் உருகின அடையாளமோ தெரியும்.

மூன்றாவது சோதனை எனக்குப் பிடித்தது. ரிலே இல்லாத அந்தச் சாக்கெட்டில், 30-க்கும் 87-க்கும் நடுவில் பல்பைக் கொடுங்கள். ஹார்ன் பிளக்கை மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். பல்பு இப்போது ரிலே இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஹார்னோடு வரிசையாக நிற்கிறது. ஹார்னின் காயில் ஓரிரு ஓம்தான் என்பதால், வயரும் ஹார்னும் எர்த்தும் சரியாக இருந்தால் பல்பு கிட்டத்தட்ட முழுதாக எரியும். ஹார்ன் கத்தாது, லேசாக ஒரு தட்டல் கேட்டாலும் கேட்கும். மங்கினால் அந்தப் பாதையில் எங்கோ தடை. எரியவே இல்லை என்றால் பாதை அறுந்திருக்கிறது, அல்லது ஹார்னுக்குள் இருக்கும் பாயிண்ட் ஒட்டாமல் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருக்கிறது. வயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருந்தாலும் பல்பு முழுதாக எரியும், ஆனால் அப்படி இருந்தால் ஃபியூஸ் முதலிலேயே போயிருக்கும். பேப்பர் கிளிப்பை வளைத்து 30-87-க்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் வேலை செய்யும், ஷார்ட் இருந்தால் கையும் சுடும். பல்பு போட்டால் அந்தப் பயமே இல்லை.

ரிலேயைத் தனியாகச் சோதிக்க எளிய வழி, பக்கத்தில் அதே எண் அச்சிட்ட ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போடுவது. ஏசி கம்ப்ரெஸர் ரிலே பெரும்பாலும் அதே ரகம்தான். கவரில் இருக்கும் எண்ணும் படமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், உருவத்தை வைத்து மாற்றாதீர்கள். மேசையில் சோதிக்க வேண்டுமென்றால் 85, 86-க்கு நடுவே மீட்டரை ஓமில் வையுங்கள். சுமார் 60 முதல் 120 ஓம் வரை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. பிறகு காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்து, 30-87 கான்டாக்ட் வழியாகப் பல்பை எரியவிட்டு, அந்த இரண்டு காலுக்கும் நடுவே வோல்ட் அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒன்று, இரண்டு என்று போனால் கான்டாக்ட் கருகியிருக்கிறது. ரிலேயை மூக்கில் வைத்தாலே கருகல் நெடி தெரியும். காயிலுக்குக் கொடுக்கும்போது படத்தில் டையோடு குறி இருந்தால் பிளஸ், மைனஸ் மாறாமல் கொடுங்கள்.

சென்ற மார்கழியில் தேவகோட்டையில் ஒரு வீட்டுக் காரில் இதே கேள்வி. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், டிரைவர் எப்போதாவது எடுத்து ஓட்டுவார். அவரும் உங்களைப் போலவே ஒரு ஹார்னும் ஒரு ரிலேயும் வாங்கி மாற்றிவிட்டுத்தான் கூப்பிட்டார். பேட்டரி 12.5 வோல்ட். ரிலே விரலில் நன்றாகத் தட்டியது. ஹார்ன் பிளக்கில் மீட்டர் 12.3 காட்டியது. அதே இடத்தில் பல்பைக் கொடுத்தேன், சாம்பலுக்கடியில் கிடக்கும் நெருப்பு மாதிரிச் சிவந்து நின்றது. பல்பு எரியும்போதே அளந்தால் பிளக்கில் 3 வோல்ட். அப்படியென்றால் 9 வோல்ட்டுக்கு மேல் வழியில் எங்கோ இறங்கிவிட்டது. 30-ல் பல்பு பளிச்சென்று எரிந்தது, ஃபியூஸ் தப்பியது. ரிலேயை விலக்கி பழைய ரிலேயையே மறுபடி மாட்டியும் அதே மங்கல்தான். பாவம், அந்த ரிலேமேல் எந்தக் குற்றமும் இல்லை. மிச்சம் 87-லிருந்து ஹார்ன் வரை ஓடும் வயர். பல்பை எரியவிட்டபடியே பம்பருக்குப் பின்னால் வயரைத் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஜாயிண்ட் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. தடை இருக்கும் இடத்தில்தான் இறங்கும் வோல்ட் சூடாக மாறும். டேப்பைப் பிரித்தால், எப்போதோ பம்பர் வேலையின்போது அறுந்த வயரை முறுக்கிச் சுற்றி வைத்திருந்தார்கள், ஈயம் வைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறி செம்பு பச்சையாகி, இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டதும் பழைய ஹார்னே கத்தியது.

உங்கள் வண்டியிலும் இதேதான் என்று சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் ஷெட்டில் நின்ற வண்டியில் இன்னும் இரண்டு இடத்தை நான் பார்ப்பேன். ஒன்று எலி. நெல் மூட்டை இருக்கும் பின்கட்டு, பக்கத்தில் கார் என்றால் ஃபியூஸ் பாக்ஸ் அடியிலும் ரேடியேட்டர் முன்னாலும் வயரின் தோலைக் கடித்து வைத்திருக்கும். கடித்த வயர் உள்ளே இரண்டு இழையில் தொங்கும், மீட்டருக்கு அதுவும் 12 வோல்ட்தான்.

இரண்டாவது எர்த். இங்கேதான் உங்கள் புது ஹார்ன் விஷயம் வருகிறது. பழைய ஹார்னுக்கு ஒரே ஒரு வயர் வந்திருந்தால், எர்த் அதைத் தாங்கும் பிராக்கெட் வழியாக பாடியில் கிடைத்துக்கொண்டிருந்தது. கடையில் வாங்கும் பல ஹார்ன்களுக்கு இரண்டு டெர்மினல் இருக்கும். மைனஸைத் தனி வயரில் பாடிக்கு இழுக்காவிட்டால், பிராக்கெட்டில் இறுக்கி மாட்டினாலும் கத்தாது. புது ஹார்னில் இரண்டு நாக்கு இருந்து ஒன்று காலியாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் கறுப்பு முனையை பேட்டரி நெகடிவில் வைத்து அளந்திருந்தால், பிளஸ் பக்கம் 12 வோல்ட் வந்தது உண்மையாகவும், எர்த் இல்லாதது உங்களுக்குத் தெரியாமலும் போயிருக்கலாம். எர்த்தைத் தனியாகப் பார்க்க, ஹார்ன் பிளக்கை மாட்டிவிட்டு, மீட்டரின் சிவப்பை ஹார்னின் மைனஸ் நாக்கிலும் (ஒரே வயர் என்றால் பிராக்கெட் போல்ட்டின் உலோகத்திலும்) கறுப்பை பேட்டரி நெகடிவிலும் வைத்து பட்டனை அமுக்குங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கிட்டத்தில் இருந்தால் எர்த் நல்லது. 5, 10 என்று ஏறினால் எர்த் இல்லை. செம்மண் புழுதியும் ஈரமும் ஏறிய துரு, அல்லது பெயிண்ட் வேலையில் போல்ட்டுக்கடியில் அடித்த பெயிண்ட் காரணமாக இருக்கும். உப்புத்தாளில் தேய்த்து, பளிச்சென்ற உலோகம் தெரிந்ததும் இறுக்குங்கள்.

வாங்கிய ஹார்னையும் பழையதையும் தூக்கிப் போடும் முன், இரண்டையும் நேரே பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரில் கொடுத்துப் பாருங்கள். நீண்ட நாள் சும்மா இருந்த ஹார்னின் பாயிண்ட் பிடித்துக்கொள்வது சகஜம். ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் சில நேரம் எழுந்துவிடும். பின்னால் இருக்கும் சரிசெய்யும் ஸ்க்ரூவை கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், அதையும் கொடுத்துக் கொடுத்துப் பார்த்துத் திருப்ப வேண்டும்.

ரிலே தட்டவே இல்லை என்று வந்தால் பட்டன் பக்கம். ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் காயிலின் இரண்டு ஓட்டையையும் மீட்டரால் பாருங்கள். ஒன்றில் பட்டன் அமுக்காமலே 12 வோல்ட் நிற்க வேண்டும். மற்றொன்று பட்டனுக்குப் போவது. அதைப் பார்க்க மீட்டரின் சிவப்பை பேட்டரி பிளஸிலும் கறுப்பை அந்த ஓட்டையிலும் வைத்து அமுக்கச் சொன்னால் 12 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிக்கொண்டே பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் வந்து போனால் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் ரிப்பன் கேபிள் அறுந்துகொண்டிருக்கிறது. அதோடு ஏர்பேக் விளக்கும் எரிந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்கு மேல் நீங்கள் போக வேண்டாம். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைப் பிரிப்பதற்கு பேட்டரி நெகடிவைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நேரம் காத்திருந்து, மஞ்சள் கனெக்டரில் மீட்டர் வைக்காமல் செய்ய வேண்டும். தெரிந்த ஆளிடம் விட்டுவிடுங்கள். புதிய சில வண்டிகளில் பட்டன் நேரே ரிலேக்குப் போகாமல் ஒரு கண்ட்ரோல் யூனிட் வழியாகப் போகும், அங்கே இந்தச் சோதனை பொருந்தாது.

கல்யாண ஊர்வலத்துக்கு என்று யாராவது பெரிய சத்த ஹார்ன் மாட்டச் சொல்வார்கள். அதைப் பழைய வயரிலேயே இணைத்து, ஃபியூஸ் போகிறது என்று 10-க்குப் பதில் 30 போடாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே, தடித்த வயர் இழுத்து, பழைய ஹார்ன் வயரை அந்த ரிலேயின் காயிலுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

விரலில் தட்டியதா இல்லையா, பிளக்கில் பல்பு எப்படி எரிந்தது, புது ஹார்னுக்கு எத்தனை நாக்கு, இந்த மூன்றையும் எழுதுங்கள். மிச்சத்தை அங்கிருந்து பார்க்கலாம்.